கல்லடி ஒழுங்கையில் ஒரு சித்திரை விளையாட்டு விழா: கடிதங்களும் கைக்காசும்

2023 ஏப்ரலில் எங்கள் ஒழுங்கையின் சித்திரை விளையாட்டு விழா முடிந்து மறுநாள் கணக்குப் பார்த்தபோது 45,000 ரூபா துண்டு விழுந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் என்று சொல்லப்பட்ட ஒரு தொகையை நம்பி இசைக்குழுவுக்கு முற்பணம் கொடுத்திருந்தோம். அந்தக் காசு வரவில்லை. மூன்று பேர் ஆளுக்கு 15,000 ரூபா தங்கள் பையிலிருந்து போட்டுத்தான் பேச்சு வராமல் காத்தார்கள். அந்த வருசம் ஒலிபெருக்கி அனுமதியும் விழாவுக்கு முதல் நாள் பின்னேரம்தான் கைக்கு வந்தது. பெட்டிகளை லொறியில் ஏற்றுவதா இறக்குவதா என்று தெரியாமல் சவுண்ட்ஸ்காரர் வீதியிலேயே நின்றார்.

2024இல் விழாவை நடத்தும் எங்கள் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு எனக்கு வந்தது. மட்டக்களப்புக் கல்லடியில் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் ஒழுங்கையிலும் அதன் கிளைகளிலும் 132 வீடுகள். விழாவும் புதுமையான ஒன்றல்ல. முட்டி உடைத்தல், கயிறிழுத்தல், வழுக்கு மரம், தலையணைச் சண்டை, கிடுகு பின்னுதல், தேங்காய் துருவுதல், சின்னப் பிள்ளைகளுக்குப் பனிஸ் கடித்தல், யானைக்குக் கண் வைத்தல், இரவில் பரிசளிப்பும் பிள்ளைகளின் ஆட்டமும். இதையெல்லாம் நடத்தத் தெரிந்த ஆட்கள் எங்களிடம் தாராளமாக இருந்தார்கள். முந்தின வருசம் நாங்கள் விழுந்தது இரண்டே இடத்தில்: எந்தக் கடிதம் எந்தக் கடிதத்துக்கு முன்னால் வரவேண்டும் என்பதை யாரும் வரிசைப்படுத்தவில்லை. கையில் உள்ள காசையும் வாயில் உள்ள காசையும் ஒரே தாளில் கூட்டினோம். ஆகவே அந்த இரண்டையும் சுற்றித்தான் 2024 திட்டத்தைக் கட்டினோம்.

நாள் குறித்தது

மார்ச் 17, ஞாயிறு கூட்டத்தில் முதல் வேலை நாள் குறிப்பது. புதுவருசத்துக்குப் பிறகு வரும் ஞாயிறு ஏப்ரல் 21. இளைஞர் பக்கம் அதைத்தான் கேட்டார்கள். பெரியவர்கள் ஒரே குரலில் மறுத்தார்கள். 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது செத்தவர்களில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தத் திகதியில் மட்டக்களப்பு நகரத்தில் ஸ்பீக்கர் கட்டி முட்டி உடைக்க எங்களால் முடியாது. ஏப்ரல் 23 சித்திரா பௌர்ணமி, போயா நாள். கடைசியில் ஏப்ரல் 28 ஞாயிறு என்று முடிவானது.

மார்ச் 18 முதல் ஏப்ரல் 26 வரை ஆறு கிழமை, அதாவது 30 வேலை நாள். கேட்கும்போது தாராளமாகத்தான் தெரிந்தது. நாட்காட்டியை மேசையில் விரித்துக் கழித்துப் பார்த்தோம். மார்ச் 29 பெரிய வெள்ளி, ஏப்ரல் 11 நோன்புப் பெருநாள் லீவு, 12 புதுவருசத்துக்கு முந்திய நாள், 23 போயா என்று நாலு போனது. புதுவருசம் கழிந்த கிழமையில் கையெழுத்து வைக்க வேண்டிய உத்தியோகத்தர் லீவில் இருக்கலாம் என்பதால் அந்த ஐந்து நாளையும் பூச்சியமாகவே எழுதினோம். மிஞ்சியது 21 நாள். சித்திரை விழா நடத்துகிறவர்கள் எல்லாருக்கும் உள்ள சிக்கல் இது. அலுவலகங்கள் மெதுவாக ஓடும் அதே நாட்களுக்குள் எங்கள் கடிதங்களும் போய் மாட்டுகின்றன.

கடிதச் சங்கிலி

அனுமதிகளைப் பின்னாலிருந்து முன்னுக்கு எழுதினோம். கடைசியில் வரவேண்டியது பொலிஸ் நிலையத்தின் ஒலிபெருக்கி அனுமதி. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின் கீழ் அது கொடுக்கப்படுகிறது. 2007இல் உயர் நீதிமன்றம் கொடுத்த கட்டளைக்குப் பிறகு இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுவாக அனுமதி இல்லை. அந்த விண்ணப்பத்தோடு மைதானத்துக்குப் பொறுப்பான மாநகர சபையின் சம்மதக் கடிதத்தை இணைக்கச் சொன்னார்கள். மைதான விண்ணப்பத்துக்குக் கிராம சேவகரின் சிபாரிசு வேண்டும். கிராம சேவகருக்குச் சங்கத்தின் கூட்டத் தீர்மானம் வேண்டும். ஆக நாலு கடிதம், ஒன்று வராமல் மற்றது நகராது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு சாப்பாட்டுக் கடை பற்றிப் பேசுவது, பிரதேச செயலகத்துக்கு அறிவிப்பது, மின்சார இணைப்பு பார்ப்பது ஆகியவை இந்தச் சங்கிலியில் தொங்கவில்லை. அவற்றைப் பக்கவாட்டில் ஓட விடலாம். இந்தப் பிரிப்பைச் செய்யாததால்தான் முந்தின வருசம் ஒரே ஆள் ஒரே நாளில் நாலு வாசல் ஏறி, எங்கும் எதுவும் முடியாமல் திரும்பினார்.

சங்கிலியை ஓய்வுபெற்ற லிகிதர் ஒருவரிடம் கொடுத்தோம். அவருக்குப் பகலில் நேரம் இருந்தது, எந்த மேசையில் எந்தத் தாள் நிற்கும் என்பதும் தெரியும். வேலைக்குப் போகும் இளைஞர் எவருக்கும் இதைக் கொடுத்திருக்க முடியாது.

சில ஆசைகளை இந்த இடத்திலேயே வெட்டினோம். மரதனும் சைக்கிள் ஓட்டமும் வழமையாகப் பிரதான வீதியால் போகும். அது ஏ4 வீதி. அதில் ஓடுவதென்றால் போக்குவரத்துப் பொலிசாரை நிறுத்த வேண்டும், வீதிக்குப் பொறுப்பானவர்களிடமும் கேட்க வேண்டும். சங்கிலியில் இன்னொரு கண்ணி ஏறும். ஓட்டத்தை உள்ளொழுங்கைகளாலும் கடற்கரைப் பக்கத்தாலும் திருப்பினோம். அதிர்ஷ்டச் சீட்டு விற்பதும் நுழைவுக் கட்டணம் வைப்பதும் வேண்டாம் என்று விட்டோம். ஒன்றுக்குத் தனி அனுமதி வேண்டும், மற்றது களியாட்ட வரிக்குள் நம்மை இழுக்கும்.

இவ்வளவு கவனமாக இருந்தும் ஒரு பிழை நடந்தது. அது எங்கள் பிழை. மார்ச் 22இல் கிராம சேவகரின் சிபாரிசு கிடைத்தது. 25இல் மைதானத்துக்கு விண்ணப்பித்தோம். ஏப்ரல் 3இல் சம்மதக் கடிதம் வந்தது. மறுநாள் பொலிசுக்குக் கொண்டுபோக இருந்த கோப்பைப் பொருளாளர் அக்கா ஒருதரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில ஆறு மணி வரைக்கும் எண்டு கிடக்கு, அதில ஒம்பதரை எண்டு கிடக்கு. எது சரி?" என்று கேட்டார். மைதான விண்ணப்பத்தை எழுதினவர் 'விளையாட்டு நிகழ்வு, காலை 7 முதல் மாலை 6 வரை' என்று எழுதியிருந்தார். இரவுக் கலைநிகழ்ச்சி அவர் மனதில் இல்லை. பொலிஸ் விண்ணப்பத்தை எழுதினவர் இரவு 9.30 என்று போட்டிருந்தார். இரண்டு கடிதமும் தனித்தனியே படித்தால் பிழையே தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

அப்படியே கொடுத்திருந்தால் மாலை 6 மணிக்குப் பிறகு மைதானத்தில் நிற்கவே எங்களுக்கு உரிமை இல்லை என்று ஆகியிருக்கும். திருத்தம் கேட்டு ஏப்ரல் 5இல் மறுபடி எழுதினோம். திருத்திய கடிதம் 10ஆம் திகதி காலை வந்தது. அன்று பின்னேரமே பொலிஸ் நிலையத்தில் கொடுத்தோம். மறுநாள் பெருநாள் லீவு, அதற்கு மறுநாள் புதுவருச லீவு. ஒரு நாள் பிந்தியிருந்தாலும் விண்ணப்பம் அடுத்த கிழமைக்குத்தான் போயிருக்கும். அனுமதி கிடைத்தது ஏப்ரல் 24. பூச்சியம் என்று எழுதி வைத்த அந்த ஐந்து நாள்தான் எங்களைக் காப்பாற்றியது.

அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். சங்கத்தின் பெயர், விழாவின் பெயர், திகதி, தொடங்கும் முடியும் நேரம், இடம், எதிர்பார்க்கும் ஆட்களின் தொகை, பொறுப்பாளரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், ஸ்பீக்கர் பெட்டிகளின் எண்ணிக்கை என்று எட்டு வரி உள்ள ஒரு தாள். எந்தக் கடிதம் எழுதினாலும் இந்தத் தாளைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். நேரத்தை மாற்ற வேண்டுமென்றால் முதலில் தாளில் மாற்றி, பழைய தாளைக் கிழித்துவிட்டு, வெளியே போன கடிதங்களில் எதெது பாதிக்கப்படும் என்று பார்க்க வேண்டும். 28ஆம் திகதி வரை அந்தத் தாளில் ஒரு வரியும் மாறவில்லை.

மூன்று படிக் கணக்கு

விழாவின் அளவை மூன்று படியாகப் பிரித்தோம். முதற்படி இல்லாவிட்டால் விழாவே இல்லை: ஒலி அமைப்பு 28,000 ரூபா, மைதானக் கட்டணமும் மீளத்தரும் வைப்பும் சேர்த்து 10,000, கூடாரமும் கதிரையும் 24,000, பிள்ளைகளின் பரிசில்கள் 18,000, தண்ணீரும் சர்பத்தும் 9,000, கயிறு, முட்டி, கமுகு மரம், கிறீஸ், முதலுதவிச் சாமான் 11,000. மொத்தம் 100,000. இரண்டாம் படி இரவு மேடையும் வெளிச்சமும் ஜெனரேட்டரும் 35,000, கிண்ணங்கள் 15,000. மூன்றாம் படி இசைக்குழு 60,000. இவற்றுக்கு வெளியே 12,000 ரூபாவை யாரும் தொடாத காசாக ஒதுக்கினோம்.

வரவுப் புத்தகத்தில் மூன்று நிரல். வாய்ச்சொல், பற்றுச்சீட்டு எழுதியது, பொருளாளரின் கையில் இருப்பது. முற்பணம் கொடுப்பதும் கடன் சொல்லி எடுப்பதும் மூன்றாம் நிரலைப் பார்த்துத்தான். மார்ச் முடிவில் முதல் நிரலில் 205,000 ரூபா இருந்தது. அதை மட்டும் பார்த்தால் மூன்று படியையும் கிட்டத்தட்ட எட்டிவிட்டோம் என்று தோன்றும். மூன்றாம் நிரலில் அன்று 22,000 மட்டும்தான். அதிலிருந்து சவுண்ட்ஸ்காரருக்கு 10,000 கொடுத்து நாளைப் பிடித்தோம். ஏப்ரலில் எல்லா ஊரிலும் விழா என்பதால் அதைத் தள்ளிப்போட வழியில்லை. பொலிஸ் அனுமதி கிடைக்காவிட்டால் அந்த முற்பணம் வேறு திகதிக்குச் செல்லும் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்கினோம்.

முடிவெடுக்கும் நாட்கள் மூன்று. ஏப்ரல் 10இல் கையிருப்பு 61,000. முதற்படிக்கே போதாது. அன்று எதையும் வெட்டவில்லை, ஆனால் 20ஆம் திகதிக்குள் 112,000 வராவிட்டால் வாடகைக் கதிரையை விட்டு வீட்டுக் கதிரை கொண்டுவருவது என்று எழுதி வைத்தோம். புதுவருசத்துக்கு ஊர் வந்த பிள்ளைகளின் கைகளில்தான் காசு இருந்தது. மாதர் சங்கத்துப் பெண்கள் 14ஆம் திகதியிலிருந்து இரண்டிரண்டு பேராக வீடு ஏறினார்கள். 20ஆம் திகதி கையிருப்பு 112,500. முதற்படியும் ஒதுக்கமும் உறுதி.

25ஆம் திகதி 158,500. இரண்டாம் படியும் சேர்ந்தால் 162,000 வேண்டும். 3,500 குறைவு. இந்த இடத்தில் கூட்டம் சூடானது. ஒதுக்கத்திலிருந்து எடுக்கலாமே என்றார் ஒருவர். கிண்ணத்தைச் சின்னதாக வாங்கினால் பிள்ளைகள் அழப்போவதில்லை என்றேன் நான். கிண்ணச் செலவு 10,000 ஆக இறங்கியது, மேடை நின்றது, ஒதுக்கம் அப்படியே இருந்தது. இசைக்குழு போனது. ஐம்பதாயிரம் தருவதாகச் சொன்ன வெளிநாட்டுக் குடும்பம் அந்த நேரம்கூட "போட்டாச்சு, வந்திடும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. காசு மே 2ஆம் திகதி வந்து சேர்ந்தது. முந்தின வருசம் இதே வகையான ஒரு சொல்லை நம்பித்தான் முற்பணம் கொடுத்தோம்.

பற்றுச்சீட்டுகள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எந்த வீடு எவ்வளவு தந்தது என்று வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும், அப்போதுதான் மற்றவர்களுக்குத் தரும் எண்ணம் வரும் என்று சிலர் கேட்டார்கள். நான் கடுமையாக எதிர்த்தேன். எங்கள் ஒழுங்கையில் கடலுக்குப் போய் வெறுங்கையோடு வரும் நாட்கள் உள்ள வீடுகள் இருக்கின்றன. இருநூறு ரூபா தந்தவரின் பிள்ளையும் அதே கயிற்றை இழுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு இரவும் அன்றைய பற்றுச்சீட்டு இலக்கங்கள் எதிலிருந்து எதுவரை, மொத்தம் எவ்வளவு என்பதை மட்டும் பொருளாளர் அக்கா போட்டார். தன் இலக்கம் அதற்குள் இருக்கிறதா என்று தந்தவர் பார்த்துக்கொள்ளலாம். காசாக இல்லாமல் பொருளாகத் தந்தவர்களும் இருந்தார்கள். சீனி, தேசிக்காய், ஒரு கமுகு மரம். இவற்றை வரவில் கூட்டாமல், அந்தச் சாமானுக்கு ஒதுக்கிய செலவைக் குறைத்து எழுதினோம். வரவில் கூட்டியிருந்தால் கையில் இல்லாத காசு புத்தகத்தில் வளர்ந்திருக்கும்.

ஆட்கள்

முதல் கூட்டத்தில் 46 பேர் பெயர் கொடுத்தார்கள். ஐந்து குழுவாகப் பிரித்தோம். விழாவுக்கு முதல் நாள் மைதானத்துக்கு வந்தவர்கள் 19 பேர். இதைச் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. சிலருக்குக் கடல், சிலருக்குக் கடை, சிலருக்கு வீட்டில் விருந்தாளிகள். ஏப்ரல் தொடக்கத்திலேயே இப்படி ஆகும் என்று நினைத்து ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாம் ஆள் ஒருவரைப் பெயரிட்டிருந்தோம். அந்த இரண்டாம் ஆட்களில் பாதிப்பேர் பெண்கள். முதல் நாள் கூடாரம் கட்டும் வேலையைத் தவிர எதுவும் நிற்கவில்லை.

நாங்கள் பார்க்கத் தவறியது வேறு. கயிறிழுத்தலுக்குப் பொறுப்பாக நிறுத்தியவர் ஒழுங்கையின் பலசாலி. போட்டி தொடங்கியதும் அவர் பட்டியலையும் விசிலையும் கீழே வைத்துவிட்டுத் தன் அணியோடு கயிற்றைப் பிடித்தார். அடுத்த பதினைந்து நிமிடம் எந்த அணி எந்த அணியோடு என்று சொல்ல ஆளில்லை. இரண்டு அணிகள் முறைத்துக்கொண்டு நின்றன. முன்னாள் ஆசிரியர் ஒருவர் நடுவில் வந்து நின்று, "மனே, ரெண்டு பேரும் கயித்த கீழ வைங்க. மறுகா கணக்குப் பாப்பம்" என்றதும்தான் அடங்கியது. தான் விளையாடும் போட்டிக்குத் தானே பொறுப்பாக நிற்கக்கூடாது என்ற வரி இப்போது கோப்பில் இருக்கிறது. ஆட்களைத் தெரிவு செய்யும்போது யாருக்கு அந்த விளையாட்டு நன்றாகத் தெரியும் என்று மட்டும் பார்த்தது எங்கள் தவறு.

28ஆம் திகதி

ஏப்ரலில் சூரியன் இலங்கையின் நேர்மேலே நிற்கிறது. பகல் 11.30க்குப் போட்டிகளை நிறுத்தி 2.30க்கு மறுபடி தொடங்குவதாகத் திட்டம். ஆனால் தண்ணீர்க் குழு சர்பத்தை நாள் முழுவதற்கும் சமமாகப் பிரித்து வைத்திருந்தது. காலை ஓட்டம் முடிந்து வந்த பிள்ளைகள் 10 மணிக்குள்ளேயே மத்தியானப் பங்கையும் குடித்து முடித்தார்கள். பக்கத்து வீட்டுக் கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆற்றுவதற்குள் நேரம் போய்விட்டது. போத்தல் தண்ணீர் வாங்க 1,800 ரூபா போனது. காலைப் பங்கு பிற்பகல் பங்கின் இரண்டு மடங்காக இருக்க வேண்டும்.

பிற்பகல் 3.40க்குக் கடல் பக்கமிருந்து அல்ல, மேற்கே வாவிக்கு அப்பாலிருந்து இருண்டு வந்தது. இந்த மாதத்து இடிமழை அநேகமாக அப்படித்தான் வரும். முதல் இடி கேட்டவுடன் சவுண்ட்ஸ்காரர் மின்சாரத்தை நிறுத்துவது, வழுக்கு மரத்திலிருந்து ஆளை இறக்குவது, பிள்ளைகளை மைதானத்திலிருந்து பாடசாலைக் கட்டடத்துக்குள் கொண்டுபோவது என்று முன்னமே பேசியிருந்தோம். அதற்காகவே பாடசாலைத் திறப்பு ஒருவரின் சட்டைப் பையில் இருந்தது. படங்கு போதவில்லை. ஒதுக்கத்திலிருந்து 2,700 ரூபாவுக்கு மேலதிகப் படங்கு எடுத்து மேடையை மூடினோம்.

மழை ஐம்பது நிமிடம். மைதானம் காய்ந்து மறுபடி தொடங்கும்போது 5 மணி. எங்களுக்கு 9.30க்கு முடிக்க வேண்டும், அது அனுமதித் தாளில் உள்ள நேரம். நேரம் குறைந்தால் எதை விடுவது என்பதை ஏப்ரல் 25 கூட்டத்திலேயே வரிசையாக எழுதியிருந்தோம். முதலில் பெரியவர்களின் தலையணைச் சண்டை, அடுத்தது அதிதிகளின் உரைகள், அதற்கடுத்தது வழுக்கு மரம். பிள்ளைகளின் நிகழ்ச்சி எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. அன்று முதல் இரண்டும் போயின. உரை போனதில் ஓர் அதிதிக்கு மனவருத்தம் இருந்தது, மறுநாள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சமாதானம் செய்தோம். வழுக்கு மரம் நின்றது. ஈரத்தில் யாராலும் உச்சி தொட முடியவில்லை, கடைசியில் அணி அணியாக ஏறவிட்டு முடிச்சை அவிழ்த்தோம். 9.20க்குக் கடைசிக் கிண்ணம் கொடுத்தோம், 9.25க்கு ஒலிவாங்கியை நிறுத்தினோம்.

கணக்கு ஒப்புவித்தது

மே 10இல் கூட்டம். 25ஆம் திகதி இருந்த 158,500 ரூபாவோடு விழா நாளில் மாதர் சங்கக் கடையின் 9,000 சேர்ந்து வரவு 167,500. முதற்படி 103,200இல் முடிந்தது, கதிரை வாடகை எதிர்பார்த்ததைவிடக் கூட. இரண்டாம் படி 45,000. ஒதுக்கத்தில் எடுத்தது 4,500. மொத்தச் செலவு 152,700. மைதான வைப்பில் 5,000 திரும்பி வந்தது. ஆக மிச்சம் 19,800.

மிச்சத்தை என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. 2023இல் பையிலிருந்து போட்ட மூன்று பேருக்கும் ஆளுக்கு 5,000 கொடுத்தோம். அவர்கள் அதுவரை ஒரு நாளும் கேட்டதில்லை. ஒருவர் வாங்கமாட்டேன் என்றார். வாங்கினால்தான் புத்தகத்தில் கடன் குறையும் என்று பொருளாளர் அக்கா சொல்லிக் கையெழுத்து வாங்கினார். இன்னும் ஆளுக்கு 10,000 நிற்கிறது. 4,800 ரூபா சங்கக் கணக்கில் போனது. பிந்தி வந்த ஐம்பதாயிரத்தை அடுத்த விழாவுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று அந்தக் குடும்பத்திடம் எழுத்தில் கேட்டோம், சம்மதம் வந்தது. அது மூன்றாம் நிரலில் இருக்கிறது.

கடிதங்களின் பிரதிகள், எட்டு வரித் தாள், மூன்று நிரல் புத்தகம், வெட்டும் வரிசை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு அடுத்த செயலாளரிடம் கொடுத்தேன். முதற் பக்கத்தில் மார்ச் முதற்கிழமை என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். நாங்கள் தொடங்கிய நாளைவிட அது இரண்டு கிழமை முந்தியது.